துக்க வீட்டில் எடை இறங்கினால்: எடை பார்ப்பது முதல் டாக்டரிடம் போவது வரை

வெளிநோயாளிப் பிரிவில் செவிலியராக இருப்பதால் ஒரு வாக்கியம் காதுக்குப் பழகிவிட்டது. "வீட்டுக்காரர் போனதிலிருந்து கவலை, அதான் இளைச்சுட்டாங்க." அதைக் கேட்டதும் எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் அப்பா இறந்தபோது அம்மா விஷயத்தில் நானும் அப்படித்தான் தலையாட்டினேன். அதனால் ஆறு வாரம் வீணானது.

துணையை இழந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கும் மகளுக்கும்தான் முதன்மையாக இதை எழுதுகிறேன். வேலை போனவர்கள், விவாகரத்து ஆனவர்கள் பற்றிக் கடைசிக்கு முன் ஒரு பகுதி உண்டு. எண் போட்டிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். பலர் நாலாவது படியான சாப்பாட்டில் தொடங்கிவிட்டு மூன்றாவது படியான மாத்திரையை மறந்துவிடுகிறார்கள்.

1. முதலில் பழைய எடையைக் கண்டுபிடியுங்கள்

இன்றைய எடை 57 கிலோ என்று மட்டும் தெரிந்தால் அதிலிருந்து எதுவும் புரியாது. இழப்புக்கு முன் என்ன எடை என்பது வேண்டும். பழைய மருந்துச் சீட்டின் மூலையில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போன சீட்டு, கண் ஆபரேஷன் ஃபைல், மருத்துவ முகாம் அட்டை என்று தேடுங்கள். கடைசி ஒரு வருடத்துக்குள் உள்ளதாக இருந்தால் போதும்.

எதுவுமே கிடைக்காவிட்டால் துணியைப் பாருங்கள். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்திருக்கிறார்களா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, அப்பாவின் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறதா? கிலோ கணக்கு கிடைக்காது, ஆனால் டாக்டரிடம் சொல்லத் தகுந்த தகவல்தான். பல்செட் வைத்திருப்பவர் என்றால் அது ஆடுகிறதா என்றும் கேளுங்கள். இளைத்தால் ஈறும் சுருங்கி பல்செட் தளரும், தளர்ந்தால் மெல்ல வலிக்கும், வலித்தால் சாப்பாடு இன்னும் குறையும்.

பழைய எடை கிடைத்ததும் இரண்டு எண்களைக் கணக்கிட்டு மாதக் காலண்டரின் பின்பக்கம் எழுதுங்கள். ஒன்று, பழைய எடையில் நூற்றுக்கு 5 குறைந்தால் வரும் எண். இன்னொன்று 10 குறைந்தால் வருவது. என் அம்மாவுக்குப் பழைய எடை 61. அதில் 5 விழுக்காடு சுமார் 3 கிலோ, எனவே முதல் கோடு 58. இரண்டாவது கோடு 55.

முயற்சி செய்யாமலே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 5 விழுக்காடு இறங்கினால் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவான அளவுகோல். அந்த 5 விழுக்காடு ஒரே மாதத்தில் இறங்கினாலோ ஆறு மாதத்துக்குள் 10 விழுக்காடு போனாலோ அது கடுமையான இழப்பு. ஏற்கெனவே ஒல்லியானவர் என்றால் முதல் கோட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

2. பதினாறாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள்

ஏன் பதினாறாம் நாள்? அதுவரை வீட்டில் ஆள் இருக்கும். அடுப்பு பற்றவைக்காத நாட்களில் பங்காளி வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் சாப்பாடு வரும். யாராவது கையைப் பிடித்து இரண்டு வாய் ஊட்டியாவது விடுவார்கள். அந்த நாட்களில் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது சாதாரணம். கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்து, ஊரார் ஊருக்குப் போனதும்தான் சாப்பாடு நிஜமாகவே நிற்கிறது. கவனிக்கும் கண்களும் அப்போதுதான் குறைகின்றன.

வீட்டு மெஷினே போதும். பாயின் மேலோ மிதியடியின் மேலோ வைக்காமல் சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில் வையுங்கள். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, முதலில் நீங்கள் ஏறுங்கள், பிறகு 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சரி.

வாரத்தில் ஒரே கிழமை, காலையில் கழிவறைக்குப் போய்வந்த பின், காபி குடிக்கும் முன், ஏறத்தாழ ஒரே கனமுள்ள துணியில் பாருங்கள். நூல் சேலைக்கும் பட்டுச் சேலைக்கும் உள்ள வித்தியாசமே உங்களைக் குழப்பிவிடும்.

புதிதாகச் செய்கிறவர்கள் தினமும் ஏற்றி நிறுத்துகிறார்கள். உடம்பு நீரும் உப்பும் மலச்சிக்கலுமே தினம் ஒரு கிலோ வரை மேலும் கீழும் ஆட்டும். இன்று ஏறியது என்று மகிழ்ந்து, நாளை இறங்கியது என்று பதறி, நாலாம் நாள் மெஷினையே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள். இன்னொரு தவறு, எண்ணைச் சத்தமாகப் படிப்பது. "ஐயோ, இன்னும் ஒரு கிலோ போச்சே" என்று துக்கத்தில் இருப்பவர் முன்னால் சொன்னால், அடுத்த வாரம் மெஷினில் ஏற மாட்டார். குறித்துக்கொண்டு பேச்சை மாற்றுங்கள்.

3. சாப்பாட்டுக்கு முன் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்

பல வீடுகளில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மாத்திரைக் காவல். ஒருவர் போனதும் மற்றவரின் மாத்திரை ஒழுங்கும் போய்விடுகிறது. ஒன்று, மாத்திரை நின்றுவிடும். அல்லது சாப்பாடு நின்று மாத்திரை மட்டும் தொடரும். இரண்டாவதுதான் உடனடி ஆபத்து.

இன்சுலின் போடுகிறவரோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவரோ சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கீழே விழும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வரும். துக்க வீட்டில் இதைப் பார்ப்பவர்கள் "மனசு தாங்கல" என்று படுக்க வைத்துவிடுவார்கள். உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை பார்க்கும் மெஷின் இல்லாவிட்டால் சந்தேகத்தின் பேரிலேயே கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சரியாகச் சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால், சர்க்கரை அளவு ரொம்ப ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். சாப்பாடு பாதியாகிவிட்டது என்றால் எழுதிக்கொடுத்த டாக்டருக்கு ஒரு போன் போட்டு அளவைக் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

என் அம்மா விஷயத்தில் நடந்தது முதல் வகை. பதினாறாம் நாள் 59.5 கிலோ. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆறு வாரம் கழித்துப் போனபோது 57.2. முதல் கோட்டைத் தாண்டியாயிற்று. கவலைதான் என்று நினைத்து, சத்துமாவு வாங்கி வைத்துவிட்டுக் கிளம்ப இருந்தேன். துணைக்குப் படுத்திருந்த சித்திதான் போகிற போக்கில் சொன்னார்: "நல்லாத்தான் சாப்பிடுறா. ராத்திரியில தண்ணியா குடிக்கிறா, மூணு தடவை எந்திரிச்சுப் போறா."

சாப்பிட்டும் இளைக்கிறார் என்றால் கதை வேறு. சர்க்கரை பார்த்தேன், 342. அலமாரியில் இருந்தவை வெறும் மாத்திரை அட்டைகள். அப்பாதான் பென்ஷன் வாங்கப் போகும்போது டவுனில் மாத்திரை வாங்கி வருவார். தீர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. "உன்கிட்ட எப்படிடீ கேக்குறது, நீயே அலைஞ்சுக்கிட்டு இருக்க" என்றார் அம்மா.

எனவே அட்டையை எண்ணிப் பாருங்கள். "மாத்திரை போடுறியாம்மா?" என்று மட்டும் கேட்டால் பதில் எப்போதும் "போடுறேன்"தான். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவிட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

4. என்ன சாப்பிடுகிறார் என்று மூன்று நாள் எழுதுங்கள், அப்புறம் மாற்றுங்கள்

"சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு "ஆச்சு" என்று பதில் வரும். அதில் ஒரு தகவலும் இல்லை. "மத்தியானம் என்ன குழம்பு?" என்று கேளுங்கள். நேரில் இருந்தால் பாத்திரத்தைப் பாருங்கள். ஃபிரிட்ஜில் மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறதா? காலையில் வடித்த சோறு அப்படியே தண்ணீர் ஊற்றிக் கிடக்கிறதா? நாற்பது வருடம் ஒருவருக்காகச் சமைத்தவருக்குத் தனக்கென்று ஒரு டம்ளர் அரிசி வைக்கக் கை வராது. மனைவியை இழந்த அப்பாக்கள் கதை வேறு. பலருக்கு அடுப்பே பழக்கமில்லை. டீயும் பன்னும் ஹோட்டல் இட்லியுமாக ஓட்டுவார்கள்.

சில குடும்பங்களில் கைம்பெண்ணுக்கு ஒருவேளைச் சாப்பாடு, ராத்திரி பலகாரம், அது கூடாது இது கூடாது என்று இன்னும் வைத்திருக்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அவரே கடைப்பிடிப்பதும் உண்டு. இதைத் தனியாகக் கேட்டால்தான் தெரியும்.

மாற்றும்போது அளவைக் கூட்டாதீர்கள், தடவைகளைக் கூட்டுங்கள். குவித்த தட்டைப் பார்த்தாலே பசி போய்விடும். சின்னக் கிண்ணத்தில் ஐந்து வேளை கொடுப்பது எளிது. ஒவ்வொரு வேளையிலும் ஒரு புரதம் இருக்கட்டும். காலையில் முட்டை, நடுவில் சுண்டல், மதியம் சோற்றைக் குறைத்துக் கெட்டிப் பருப்பைக் கூட்டி மேலே ஒரு ஸ்பூன் நெய், மாலையில் மோருக்குப் பதில் தயிர். காபி, டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நிறுத்துங்கள், அது வயிற்றை அடைத்துவிடும். யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளையாவது ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் போதும்.

இரண்டு விஷயம் வேண்டாம். பசி டானிக் ஒன்று. மருந்துக் கடையில் கேட்டால் கொடுக்கிற பசி மருந்துகள் சிலவற்றில் சைப்ரோஹெப்டடின் இருக்கும். வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு வரை கொண்டுபோகும். இன்னொன்று, பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக விருந்து போடுவது. ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். குடிப்பழக்கம் உள்ளவருக்கு அபாயம் இன்னும் கூடுதல். அப்படிப்பட்டவரை முதலில் டாக்டரிடம் காட்டி, ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

5. கோட்டைத் தாண்டினால் டாக்டர்: என்ன எடுத்துப் போவது

முதல் கோட்டைத் தொட்டால் அந்த வாரமே போங்கள். இரண்டு, மூன்று வாரம் சாப்பாட்டை மாற்றியும் எடை இறங்கிக்கொண்டே இருந்தாலும் போங்கள். எடைக் காலண்டர், எல்லா மாத்திரை அட்டைகள், மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

உள்ளே போனதும் "கவலை சார்" என்று தொடங்காதீர்கள். "61 இருந்தவர், இரண்டு மாதத்தில் 57" என்று தொடங்குங்கள். இறந்த செய்தியை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். வரிசை மாறினால் பரிசோதனையும் மாறிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக சர்க்கரை, அதன் மூன்று மாதச் சராசரி, முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், மார்பு எக்ஸ்ரே ஆகியவை எழுதுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் காசநோய்ச் சளிப் பரிசோதனை கட்டாயம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். விழுங்கும்போது மாட்டுவது, மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு நிறம், எங்காவது கட்டி ஆகியவற்றை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் கேட்டு வையுங்கள்.

6. மனநல உதவி எப்போது

துக்கம் நோய் அல்ல. அழுகை, தூக்கமின்மை, இரண்டு வாய்க்கு மேல் இறங்காத சோறு எல்லாம் முதல் வாரங்களில் இருக்கும். ஆனால் சாதாரணத் துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவில் பேரப்பிள்ளை செய்த கூத்துக்குச் சிரிப்பார், இறந்தவரின் பழைய குறும்பைச் சொல்லிப் புன்னகைப்பார். அந்த இடைவெளியே இல்லாமல், பெரும்பாலான நேரமும் ஒரே இருட்டாக இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பது, எதிலும் நாட்டமின்மை, "நான் அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா" என்று தன்னையே அறுத்துக்கொள்வது, குளிக்காமல் தலைவாராமல் கிடப்பது, இவற்றோடு எடையும் இறங்கினால் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் துளியும் குறையாமல் அன்றாட வேலையே நின்றுபோனால், அதற்கென்றே தனிச் சிகிச்சையும் உண்டு.

"நானும் அவரோடவே போயிருக்கலாம்" என்பதை நம் வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். ஒப்பாரி என்று விட்டுவிடாதீர்கள், தனியாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எப்படி என்பதற்குப் பதில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள், அதுவரை தனியாக விட வேண்டாம். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் இறந்தவரின் மிச்ச மாத்திரைகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். இந்த இரண்டையும் பதினாறாம் நாளே அப்புறப்படுத்துவது இன்னும் நல்லது.

டெலி மானஸ் 14416 இந்தியா முழுக்க இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. பெற்றோர் பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

மருந்து எழுதினால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பசியைக் கூட்டுமா, குறைக்குமா? மிர்டாசபின் பசியைக் கூட்டும். செர்ட்ரலின் போன்றவை முதல் வாரங்களில் குமட்டலாம். எடை இறங்கியவருக்கு எது என்பதை முடிவு செய்ய உங்கள் காலண்டர் டாக்டருக்கு உதவும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவதுதான் பரவலான தவறு. குணம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

7. எடை ஏறினால்: வேலை போனவர், பிரிந்து வந்தவர்

வேலை போனவருக்கு ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. ஏறுகிறவர் வீட்டில் நான் முதலில் பார்ப்பது தட்டை அல்ல, கடிகாரத்தை. ராத்திரி இரண்டு மணி வரை போன், காலை பதினோரு மணிக்கு எழுந்து முதல் சாப்பாடு, நள்ளிரவில் மிக்சரும் பிஸ்கட்டும். இவரிடம் "சோற்றைக் குறை" என்று தொடங்கினால் சண்டைதான் வரும், அதுவும் சம்பாதிக்காதவன் சாப்பிடுகிறான் என்ற சொல்லாகக் காதில் விழும். எழும் நேரத்தை மட்டும் முதலில் பிடியுங்கள். அது நிலைத்தால் நள்ளிரவுத் தீனி தானே சுருங்கும். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, பிரஷர் பார்த்துவிட வேண்டும். குடி காலையிலேயே தொடங்கினால் எடைக் கணக்கை ஒதுக்கிவிட்டு முதலில் அதற்கு உதவி தேடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அது கொழுப்பே அல்ல. நீர் சேர்கிறது. இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

பிரிந்து தாய்வீடு வந்த பெண்களிடம் இறக்கம் அதிகம் பார்க்கிறேன். ஆளாளுக்கு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் கூட உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பிடிக்காது. இங்கே நாலாவது படியில் சொன்ன "கூட உட்காருங்கள்" பொருந்தாது. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகட்டும், விட்டுவிடுங்கள்.

8. எப்போது நிறுத்துவது

தொடர்ந்து எட்டு வாரம் எடை ஒரு கிலோவுக்குள்ளேயே நின்றால், மாதம் ஒருமுறை போதும். பழைய எடைக்கே திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், சரிவு நின்றதா என்பதே கேள்வி. முதல் தீபாவளி, முதல் திவசம், கல்யாண நாள் இவற்றையொட்டி மட்டும் வாரக் கணக்குக்குத் திரும்புங்கள். அப்போது மறுபடி இறங்குவது வழக்கம்.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தொடங்கியதும் எடை 57-இல் நின்றது, ஏறவில்லை. நாலாம் மாதமும் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் "எதுக்கு?" என்றார். கவலையும் பொய்யல்ல, சர்க்கரை போட்ட கணக்குக்குப் பின்னால் அதுவும் நின்றிருந்தது. மனநல மருத்துவரிடம் போனோம், மாத்திரை எழுதினார். ஏழாம் மாதம் 59. பிடித்துத் தைத்த ஜாக்கெட்டுகளைத் தையல் பிரித்துக்கொண்டிருந்தார், ஊசி கோக்கக் கண் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்.